ஐப்பசிப் பௌர்ணமியும் அன்னாபிஷேகமும்

ஐப்பசி பிறந்து தீபாவளிப் பட்சணங்கள் ஏறக்குறையத் தீர்ந்துபோகும் சமயத்தில், நம் இல்லங்களில் ஒரு சிறு விவாதம் எழுவதுண்டு. "அன்னாபிஷேகம் இன்றைக்கா, நாளைக்கா?" என்பதே அது. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் ஒன்று சொல்லும். பூஜை அறையிலிருக்கும் பஞ்சாங்கம் மற்றொன்று சொல்லும். கோயில் வாசலில் ஒட்டியிருக்கும் விளம்பரம் மூன்றாவதாக ஏதேனும் சொன்னாலும் வியப்பில்லை. வீட்டுப் பெரியவர் ஒரு பக்கம் சாய்வார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் படிக்கும் பையன் மறுபக்கம் சாய்வான். தேதி தவறிப் போகிறவர்களுக்கு வழக்கமான அலங்காரத்துடன் சுவாமி தரிசனம் கிடைக்கும், அதற்குக் குறைவில்லை. ஆனால் வருஷத்தில் ஒரே ஒரு மாலைதான் சிவலிங்கம் முழுதும் வெண்சோற்றால் மூடப்பட்டுக் காட்சி தருகிறது. அதைத் தவறவிட்டால் மறுபடியும் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

இந்த விவாதத்தில் யார் பக்கம் நியாயம் என்று கண்டுபிடிப்பது அத்தனை கடினமானதன்று. அதற்கு முதலில் அன்றைய தினம் கோயிலில் நடப்பது என்ன, எந்த நேரத்தில் நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அரியலூர் ஜில்லாவிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தையே எடுத்துக்கொள்வோம். முதலாம் இராஜேந்திர சோழன் தன் புதிய தலைநகரில் எடுப்பித்த ஆலயம் அது. மூலவராகிய லிங்கம் ஏறக்குறைய பதின்மூன்று அடி உயரம். சிறு கோயில்களில் அரைப்படி அரிசி வடித்து அன்னாபிஷேகத்தை நிறைவேற்றிவிடலாம். இங்கோ நூறு மூட்டை அரிசி, அதாவது சுமார் 2,500 கிலோ, என்று பத்திரிகைகள் வருஷந்தோறும் எழுதுகின்றன. தஞ்சைப் பெருவுடையாருக்கு 1,000 கிலோ அளவில் சொல்வார்கள். பொழுது விடிந்ததிலிருந்தே அடுப்புகள் எரியத் தொடங்கிவிடும்.

இத்தனை சோற்றைச் சமைப்பதைக் காட்டிலும் அதை நிறுத்துவதுதான் பெரிய காரியம். சோறு குழைந்துவிட்டால் தன் பாரத்தாலேயே சரிந்து விழும். விறைத்திருந்தால் ஒன்றோடொன்று பற்றாது உதிரும். ஆகவே பருக்கை உடையாமலும், கையால் அழுத்தினால் ஒட்டும்படியாகவும் பதம் பார்த்து இறக்க வேண்டும். உப்பு முதலிய எதுவும் சேராத சுத்தான்னம் அது. வடித்த சோற்றைப் பரப்பி நன்றாக ஆறவிடுகிறார்கள். சுடுசோற்றைச் சுவாமியின் திருமேனியில் சாத்துவது கூடாது என்பது பக்தியின் காரணம். ஆவி கக்கும் சோறு நீர் கசிந்து வழுக்கிவிடும் என்பது அநுபவத்தின் காரணம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை.

பால், தயிர், சந்தனம் முதலிய அபிஷேகங்கள் முடிந்ததும் லிங்கத்தை ஈரம் போகத் துடைத்துவிட்டுச் சோறு சாத்த ஆரம்பிக்கிறார்கள். முதலில் ஆவுடையார் நிரம்புகிறது. பிறகு, உருண்டையாக உயர்ந்து நிற்கும் பாணம் சிறிது சிறிதாக மறைகிறது. சிறு கோயிலில் ஒரு குருக்கள் அரைமணியில் முடித்துவிடும் இந்த வேலைக்கு, கங்கைகொண்ட சோழபுரத்தில் பல சிவாசாரியார்கள் சாரத்தின் மேல் நின்றுகொண்டு, கூடை கூடையாக வரும் அன்னத்தை வாங்கி வாங்கி அப்ப வேண்டியிருக்கிறது. காலையில் தொடங்கினால் பிற்பகல் வரையில் நீளும். பின்பு காய்கறிகளும் பழங்களும் பட்சணங்களும் கொண்டு அலங்காரம். மாலையில், விளக்கு வைக்கும் வேளைக்கு, மகா தீபாராதனை. ஒவ்வொரு பருக்கையும் ஒரு லிங்கம் என்பது அடியார்களின் நம்பிக்கை. அந்தத் தீபாராதனையைக் காண்பது கோடி லிங்கங்களை ஒருங்கே கண்டதற்குச் சமம் என்பார்கள். 'சோறு கண்ட இடம் சொர்க்கம்' என்னும் பழமொழியே இதிலிருந்துதான் பிறந்தது என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். அந்தப் பழமொழியைச் சோம்பேறி மாப்பிள்ளைகளுக்காக நம் பாட்டிமார்கள் உபயோகித்த விதத்தைக் கேட்டவர்கள், இந்த விளக்கத்தைச் சிறிது சந்தேகத்துடனேயே ஏற்றுக்கொள்வார்கள்!

தரிசனம் முடிந்தபின் இரவில் அன்னத்தைக் களைகிறார்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பாணத்தின் மேல் சாத்திய அன்னத்தை மனிதர்களுக்குக் கொடுப்பதில்லை. அது குளத்திலோ ஆற்றிலோ கரைக்கப்பட்டு நீர்வாழ் உயிர்களுக்குப் போய்ச் சேருகிறது. ஆவுடையாரைச் சுற்றியிருந்த அன்னமே தயிரோ குழம்போ கலந்து வந்தவர்களுக்கெல்லாம் வழங்கப்படுகிறது. ஐப்பசியில் காவிரிக் கரையில் குறுவை அறுவடை முடிந்து புது நெல் வீட்டுக்கு வந்திருக்கும். சம்பாவோ இன்னும் வயலில் நிற்கும். கையில் வந்ததற்கு நன்றியும், வரவேண்டியதற்கு வேண்டுதலும் ஒரே சமயத்தில் பொருந்துகிற காலம் அது.

ஆக, இந்த விழாவின் உயிர்நாடி மாலை நேரம். இதை நினைவில் வைத்துக்கொண்டு தேதிக்கு வருவோம்.

'ஐப்பசிப் பௌர்ணமி' என்ற இரண்டு சொற்களில் இரண்டு கடிகாரங்கள் அடங்கியிருக்கின்றன. ஐப்பசி என்பது சூரியனின் கடிகாரம். சூரியன் துலா ராசியில் நுழையும்போது ஐப்பசி பிறக்கிறது. விருச்சிகத்தில் புகும்போது கார்த்திகை பிறக்கிறது. இங்கிலீஷ் கணக்கில் அக்டோபர் 17 அல்லது 18 முதல் நவம்பர் 15 அல்லது 16 வரையில். பௌர்ணமி என்பதோ சந்திரனின் கடிகாரம். சூரியனை விட்டுச் சந்திரன் ஒவ்வொரு பன்னிரண்டு பாகை முன்னேறுவதும் ஒரு திதி. 168 பாகை விலகியதும் பௌர்ணமித் திதி தொடங்கி, 180 பாகை ஆனதும், அதாவது சூரியனுக்கு நேர் எதிரே சந்திரன் வந்து நின்றதும், முடிந்துவிடுகிறது. முழுநிலவு என்று வான நூலார் சொல்லும் கணம் பௌர்ணமித் திதியின் நடுவில் அன்று, அதன் கடைசியில் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

இனி, சூரியன் துலாத்தில் இருக்க, அதற்கு நேர் எதிரே சந்திரன் நிற்க வேண்டுமானால் அது மேஷ ராசியில்தான் நிற்க முடியும். மேஷத்தில் அடங்கிய நட்சத்திரங்கள் அசுவதி, பரணி, கார்த்திகையின் முதல் பாதம் ஆகியவை. ஆகவே ஐப்பசிப் பௌர்ணமி முடியும் கணத்தில் இவற்றில் ஒன்று இருந்தே தீரும். 'ஐப்பசி' என்ற பெயரே அசுவதியைக் குறிக்கும் 'ஆசுவயுஜம்' என்னும் வடசொல்லின் திரிபு. ஐப்பசியின் முதல் பதின்மூன்று நாட்களுக்குள் பௌர்ணமி வந்தால் அசுவதி; அதற்கடுத்த பதின்மூன்று நாட்களுக்குள் வந்தால் பரணி; கடைசி மூன்று நான்கு நாட்களில் வந்தால் கார்த்திகை. ஒரு நாள் இப்படியோ அப்படியோ வேறுபடலாம். பஞ்சாங்கம் அச்சடித்தவர் தூங்கிவிட்டாரா என்று சோதிப்பதற்கு இது நல்ல அளவுகோல்.

ஐப்பசியில் பௌர்ணமியே இல்லாமற் போய்விடுமோ என்று சிலர் கேட்பதுண்டு. அந்தப் பயம் வேண்டியதில்லை. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் சராசரி இருபத்தொன்பதரை நாள். சூரியன் துலாத்தைக் கடக்க முப்பது நாளுக்குச் சற்றே குறைவாக ஆகிறது. மாதம் சற்று நீளமாகவும் இடைவெளி சற்றுக் குறைவாகவும் இருப்பதால் ஒரு பௌர்ணமி எப்படியும் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். இந்த நிச்சயம் மார்கழிக்குக் கிடையாது. அப்போது சூரியன் விரைந்து நடப்பதால் மாதம் குறுகிவிடுகிறது.

விதிகளைச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஒரு வருஷத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்பது மேல். 2024-ஆம் ஆண்டு இதற்கு மிகவும் ஏற்றது. ஏனெனில் தவறு நேர்வதற்குரிய வாசல்கள் அத்தனையும் அந்த வருஷத்தில் திறந்திருந்தன.

திருக்கணிதப்படி அந்த ஆண்டு பௌர்ணமித் திதி நவம்பர் 15, வெள்ளிக்கிழமை காலை 6 மணி 19 நிமிஷத்துக்குத் தொடங்கியது. அன்று இரவு கழிந்து 2 மணி 58 நிமிஷத்துக்கு, இங்கிலீஷ் தேதி 16 ஆனபின், முடிந்தது. தஞ்சைப் பக்கத்தில் 15-ஆம் தேதி சூரியோதயம் காலை 6 மணி 9 நிமிஷ அளவில். சூரியன் உதித்தபோது சதுர்த்தசி இன்னும் பத்து நிமிஷம் பாக்கி! மறுநாள் சூரியன் உதித்தபோதோ பிரதமை வந்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. நம் பஞ்சாங்கங்களில் ஒரு நாளின் திதியாகச் சூரியோதய காலத்தில் இருக்கும் திதியைத்தான் முதலில் எழுதுகிறார்கள். அந்த வழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால், 15-ஆம் தேதி சதுர்த்தசி, 16-ஆம் தேதி பிரதமை; பௌர்ணமி என்று ஒரு நாளே அகப்படாது. இரண்டு உதயங்களுக்கிடையில் பிறந்து மறைந்த இத்தகைய திதியைக் க்ஷயத் திதி என்பார்கள்.

இது ஏன் இவ்வளவு குறுகிப் போயிற்று? திதியின் நீளம் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஏறக்குறைய இருபது மணியிலிருந்து இருபத்தேழு மணி வரை மாறும். சந்திரன் பூமியை நெருங்கும்போது வேகமாக ஓடுகிறது. விலகும்போது மெல்ல நடக்கிறது. 2024 நவம்பர் 14-ஆம் தேதிதான் சந்திரன் அந்த மாதத்தில் பூமிக்கு மிக அருகில் வந்திருந்தது. ஆகவே பன்னிரண்டு பாகையை இருபது மணி நாற்பது நிமிஷத்துக்குள் தாண்டிவிட்டது. அன்று நிலா வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்ததற்கும், திதி குறுகியதற்கும் காரணம் ஒன்றே.

இப்போது நாம் நினைவில் வைத்த மாலை நேரத்தைக் கேட்போம். 15-ஆம் தேதி மாலை பௌர்ணமி இருந்ததா? சந்தேகமில்லாமல் இருந்தது. 14-ஆம் தேதி மாலை இருந்ததா? இல்லை. 16-ஆம் தேதி மாலை? அதுவும் இல்லை. ஆக, அன்னாபிஷேகம் 15-ஆம் தேதி. சூரியோதயத்தைக் கேட்டால் 'இல்லை' என்று கையை விரித்த கணக்கு, மாலையைக் கேட்டதும் ஒரே விடையைத் தருகிறது.

இரண்டாவது சந்தேகம் மாதத்தைப் பற்றியது. அந்தப் பௌர்ணமி முடிந்தபின் ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில், 16-ஆம் தேதி காலை 7 மணி 41 நிமிஷத்துக்கு, சூரியன் விருச்சிகத்தில் பிரவேசித்தது. அதாவது கார்த்திகை பிறந்தது. சந்திரன் இன்னும் ஒரு ஐந்து மணி தாமதித்திருந்தால் அது ஐப்பசிப் பௌர்ணமி என்ற பெயரையே இழந்திருக்கும். அப்படியானால் அந்த வருஷ ஐப்பசி வெறுமையாகியிருக்குமோ என்றால், இராது. முந்தின பௌர்ணமி ஐப்பசி பிறந்தபின், அதன் முதல் நாளிலேயே முடிந்திருந்தது.

மூன்றாவது சந்தேகம் நட்சத்திரத்தைப் பற்றியது. 15-ஆம் தேதி இரவு 9 மணி 55 நிமிஷம் வரையில் பரணி, அதன்பின் கார்த்திகை. பௌர்ணமி முடிந்தது கார்த்திகை நட்சத்திரத்தில். "பௌர்ணமியும் கார்த்திகையும் கூடிவிட்டனவே, திருக்கார்த்திகை தீபம் இன்றைக்குத்தானோ?" என்று மயங்குவதற்கு இடம் இருந்தது. ஆனால் தீபத்துக்குச் சூரியனும் கார்த்திகை மாதத்துக்கு வந்திருக்க வேண்டும். அது வரவில்லை. திருவண்ணாமலையில் தீபம் ஏற்றியது டிசம்பர் 13-ஆம் தேதி, அடுத்த முறை கார்த்திகை நட்சத்திரம் வந்தபோது. அன்று பௌர்ணமித் திதி இல்லை. அது 14-ஆம் தேதி மாலையில்தான் தொடங்கியது. தீபம் நட்சத்திரத்தைக் கொண்டு நிச்சயிக்கப்படுவது. அன்னாபிஷேகம் திதியைக் கொண்டு நிச்சயிக்கப்படுவது. இரண்டையும் 'பௌர்ணமி விழா' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால்தான் வீடுகளில் வீண் சச்சரவு.

2025-இல் இத்தனை சிக்கல் இல்லை. நவம்பர் 4-ஆம் தேதி இரவு பத்தரை மணிக்குத் திதி தொடங்கி, 5-ஆம் தேதி மாலை 6 மணி 48 நிமிஷத்துக்கு முடிந்தது. சூரியன் அஸ்தமித்து ஒரு மணி நேரம் வரையிலும் பௌர்ணமி இருந்ததால் 5-ஆம் தேதி மாலையே பொருந்தியது. 2026-இன் கணக்கு மறுபடியும் சோதிப்பது: அக்டோபர் 25, ஞாயிறு நண்பகலை ஒட்டித் தொடங்கும் திதி, 26-ஆம் தேதி காலை 9 மணி 42 நிமிஷ அளவில் முடிகிறது. உதயத் திதியைப் பார்க்கும் காலண்டர் 26-ஐப் பௌர்ணமி என்று காட்டும்; மாலையில் பௌர்ணமி இருப்பதோ 25-ஆம் தேதி. இப்படிப்பட்ட வருஷத்தில் காலண்டரை நம்பி மறுநாள் மாலை புறப்படுகிறவர்கள் ஏமாறக்கூடும். எல்லாக் கோயில்களும் ஒரே முறையைப் பின்பற்றுகின்றன என்றும் சொல்லிவிட முடியாது. உச்சிக்காலத்தில் அன்னம் சாத்தும் கோயில்களும், உதயத் திதியையே கொள்ளும் கோயில்களும் உண்டு.

கிரகணம் குறுக்கிடும் வருஷமும் உண்டு. 2022 நவம்பர் 8-ஆம் தேதி பூரண சந்திர கிரகணம். நம் பக்கத்தில் சந்திரன் கிரகணத்தோடேயே உதயமாயிற்று. கிரகண காலத்தில் சமைப்பதும் உண்பதும் இல்லையாதலால், சோற்றையே பிரதானமாகக் கொண்ட விழாவை அந்த மாலையில் வைப்பது எங்ஙனம்? நல்லவேளையாக அந்தப் பௌர்ணமி 7-ஆம் தேதி மாலை 4 மணி 15 நிமிஷத்துக்கே தொடங்கிவிட்டது. மாலை விதிப்படி பார்த்தாலும் 7-ஆம் தேதிதான் கிடைக்கும். கிரகணத்துக்காக முன்னதாக வைத்ததாகப் பலர் எண்ணினார்கள். கிரகணம் இல்லாவிட்டாலும் விடை அதுவேதான்.

வடநாட்டுச் சகோதரர்கள் சரத் பூர்ணிமை கொண்டாடும்போது பாலில் வெந்த அரிசிப் பாயசத்தை நிலவொளியில் வைத்து உண்கிறார்கள். அதுவும் ஆசுவின மாதத்துப் பௌர்ணமிதான். ஆனால் 2024-இல் அவர்களுக்கு அது அக்டோபர் 16-ஆம் தேதியே வந்துவிட்டது. நமக்கு ஒரு மாதம் கழித்து. அவர்களுடைய மாதம் சந்திரனைக் கொண்டு எண்ணப்படுவதும், நம்முடையது சூரியனைக் கொண்டு எண்ணப்படுவதுமே காரணம். 2026-இல் அவர்களுடைய பௌர்ணமியும் நம்முடையதும் ஒன்றாகவே அமைகின்றன. நிலவும் அரிசியும் எங்கும் ஒன்றுதான். எண்ணும் விரல்தான் வேறு.

பஞ்சாங்கம் கைக்கு வருவதற்கு முன்பே உத்தேசமாகத் தேதியை அறிய விரும்புகிற குடும்பத்தினருக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. சென்ற வருஷத்துத் தேதியிலிருந்து பதினொரு நாளைக் கழியுங்கள். 2024-இல் நவம்பர் 15. 2025-இல் நவம்பர் 5. 2026-இல் அக்டோபர் 25. ஒருநாள் முன்பின் ஆகும், அவ்வளவே. மறுபடியும் பதினொன்றைக் கழித்தால் அக்டோபர் 14 என்று வரும். அது ஐப்பசிக்கு முன்னே புரட்டாசியில் விழுந்துவிட்டதல்லவா? அப்படி விழுந்தால் முப்பதைக் கூட்ட வேண்டும். 2027-க்கு நவம்பர் 13 கிடைக்கும். உண்மையான கணிதத்தில் அந்தப் பௌர்ணமி 13-ஆம் தேதி முற்பகலில் தொடங்கி 14-ஆம் தேதி காலை ஒன்பது மணியளவில் முடிகிறது; நம் கணக்கு 13-ஆம் தேதி மாலையில் சரியாகப் போய் நிற்கிறது. பத்து வயதுக் குழந்தையும் விரல் விட்டுச் செய்யலாம். பத்தொன்பது வருஷத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே தேதி திரும்பி வருவதும் உண்டு: 2005-லும் நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலைதான் முழுநிலவு.

இனி எஞ்சி நிற்பது, வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் உள்ள வித்தியாசம். வாக்கியம் பழைய சூத்திரங்களைக் கொண்டு கணிப்பது. திருக்கணிதம் வானத்தில் கண்டதோடு ஒத்துப்பார்த்துத் திருத்திக்கொண்டது. திதி முடியும் நேரத்தில் இரண்டுக்கும் சில நாழிகை வேறுபடலாம். முழுநிலவு எந்தக் கணத்தில் என்பதே கேள்வியானால் திருக்கணிதத்தின் பக்கந்தான் நாம் நிற்போம். கிரகணத்தன்று முற்றத்தில் நின்று பார்ப்பவர்கள் யாரும் இதற்குச் சாட்சி. ஆனால் கோயிலில் தீபாராதனை எப்போது என்பது கேள்வியானால், அந்தக் கோயில் எந்தப் பஞ்சாங்கத்தைக் கைக்கொள்கிறதோ அதுதான் பிரமாணம். பெரும்பாலான வருஷங்களில் இந்தச் சில நாழிகை வித்தியாசத்தால் தேதி மாறுவதில்லை. பௌர்ணமி மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் தொடங்குகிற அல்லது முடிகிற வருஷங்களில் மட்டுமே மாறக்கூடும். அப்போது இரண்டு நாள் முன்னதாக அர்ச்சகரை விசாரித்துக்கொள்வது நலம். "பௌர்ணமி எப்போது?" என்று கேட்க வேண்டாம், "அன்னம் சாத்துவது எந்த மாலை, களைவது எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். களையும் நேரம் வரையில் இருப்பவர்களுக்குத்தான் பிரசாதம். பாத்திரம் ஒன்று கையோடு கொண்டுபோவது உசிதம்.